விற்ற சேலை திரும்பி வந்தால்

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் இப்போது கேட்கும். வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ செல்லோ டேப்பை இழுத்துக் கிழித்துப் பார்சல் கட்டுகிற சத்தம் அது. முன்பு பருத்திச் சேலை மூட்டையாக மொத்த வியாபாரியிடம் போகும். அவர் பெயர்தான் வாங்குபவருக்குத் தெரியும். இன்று தறிக்காரரின் மருமகளோ, தறியே இல்லாமல் பக்கத்துத் தறியில் எடுத்து விற்கும் ஒருவரோ, வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு ஓசூருக்கும் நாக்பூருக்கும் ஒற்றைச் சேலையாக அனுப்புகிறார்கள். மொத்த வியாபாரத்தில் வராத கேள்வி இதில் முதல் வாரமே வந்துவிடுகிறது: சேலை பிடிக்காமல் திரும்பி வந்தால் என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். அது பழைய பில் புத்தகத்தின் அடியில் அச்சான வரி: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. வாட்ஸ்அப் காலத்தில் அதுவே ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், ஓப்பனிங் வீடியோ கட்டாயம்’ என்று மாறியிருக்கிறது. விற்பவர் இதைத் தனக்கு வேலி என்று நினைத்து எழுதுகிறார். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், அவரை மிகக் குறைவாகக் காப்பாற்றும் வரியே இதுதான்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று எதையெல்லாம் கருதலாம் என்பதைப் பிரிவு 2(47)-இல் பட்டியல் போடுகிறது. பில் கொடுக்காமல் இருப்பது அதில் ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதில் உள்ள கால அளவைக் கவனிக்க வேண்டும். பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப வாங்க வேண்டும். பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள். ‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்பது ஒரு கால அளவைச் சொல்வதாகாது. ஆகவே ‘7 நாளுக்குள் சொல்லுங்கள்’ என்று எழுதியவருக்கு ஒரு வார எல்லையாவது இருக்கிறது. எதையும் திரும்ப வாங்கமாட்டேன் என்று எழுதியவர் ஒரு மாதத்தைத் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். எல்லை போடும் உரிமையைச் சட்டம் விற்பவரிடமே கொடுத்திருக்கிறது. அவர்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. அதற்காக 24 மணி நேரம் என்று எழுதித் தப்பிக்க முடியாது. ஒருதலைப்பட்சமான நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒதுக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

ஆன்லைன் தளத்தின் வழியாக விற்பவருக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. குறையுள்ள பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள் ஆகியவற்றைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கின்றன அந்த விதிகள். சொன்ன நாளைத் தாண்டி வந்ததற்கும் இதே விதிதான். வெள்ளம், புயல் போன்ற காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. தகராறு முற்றினால் எங்கே போக வேண்டும் என்பதும் மாறிவிட்டது. வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னைக்காரர் புகார் கொடுத்தால், 750 ரூபாய் சேலைக்காகப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி உட்கார்ந்து போக வேண்டியவர் சங்கரன்கோவில்காரர். காணொளி விசாரணை கேட்க வழி இருக்கிறது. இருந்தாலும் பதில் மனு தயாரிக்கும் செலவே சேலை விலையைத் தாண்டிவிடும்.

இத்தனை சொன்னாலும், நம் சட்டம் வாங்குபவருக்குக் கொடுக்காத ஓர் உரிமையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பிவிடலாம். இந்தியாவில் அப்படி ஒரு பொது விதி கிடையாது. நிறம் பிடிக்கவில்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை, அதே மாதிரி வேறு சேலை வீட்டில் இருக்கிறது என்பதற்காகத் திரும்ப வாங்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இங்கே சொல்லவில்லை. அப்படியென்றால் திரும்பி வரும் சேலை மூன்று வகை. குறையோடு போனது, சொன்னபடி இல்லாதது, மனம் மாறியது. முதல் இரண்டிலும் விற்பவருக்கு வேறு வழியில்லை. மூன்றாவது முழுக்க அவர் கையில். மூன்றையும் ஒரே வரியில் போட்டுக் குழப்புவதில்தான் இந்தத் தொழிலின் சண்டைகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் சொன்னபடி இருப்பதைப் பார்ப்போம். நிபந்தனைகள் என்று தனியாக எழுதுவதற்கு முன்பே, படத்தின் கீழே எழுதும் விவரத்தில் பாதி வாரண்டி முடிந்துவிடுகிறது. சங்கரன்கோவில் சேலை விசைத்தறிச் சேலை. அதைக் ‘கைத்தறி’ என்று போட்டால் நாலு சேலை கூடுதலாகப் போகும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக வாங்கியவர் சேலையைத் திருப்பிக்கொடுத்துப் பணம் கேட்கலாம். விற்றவரால் பதில் சொல்ல முடியாது. ‘விசைத்தறி, 80-ஆம் நம்பர் நூல், சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர், கஞ்சி போட்டது’ என்று எழுதியவரிடம் அளவுச் சண்டைக்கு இடமில்லை. பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதையும் அங்கேயே எண்ணாகச் சொல்லிவிடலாம். நூற்றுக்கு மூன்று என்று வைத்தால் ஐந்தரை மீட்டரில் அது 16.5 சென்டிமீட்டர் வரும். உயரமான ஒருவருக்கு முந்தியில் அந்தக் குறைவு தெரியத்தான் செய்யும்.

‘நிறத்தில் சிறிது வேறுபாடு இருக்கலாம்’ என்ற வரி எல்லாரும் எழுதுவது. அதனால் யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதில் ஒரு படத்தை வாசலில் காலை வெயிலிலும், அதே சேலையை இன்னொரு படத்தில் டியூப் லைட்டிலும் எடுத்துப் போட்டு, ‘வெயிலில் இப்படி, வீட்டுக்குள் இப்படி’ என்று எழுதினால் போதும். மாம்பழ மஞ்சளும் கடுகு மஞ்சளும் குழம்புவது அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது சாயம். பருத்திச் சேலை வியாபாரத்தில் அதிகம் தலைவலி தருவது இதுதான். அதிகம் பொய் சொல்லப்படுவதும் இதில்தான். ‘சாயம் போகாது, கேரண்டி’ என்று எழுதுவது வழக்கம். மேலே சொன்ன அதே பிரிவு 2(47), சரியான சோதனை இல்லாமல் ஒரு பொருளின் தரத்துக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் தருவதையும் நேர்மையற்ற நடைமுறை என்கிறது. சோதனை செய்துதான் சொன்னேன் என்று வாதாடினால், அதை நிரூபிக்கும் பாரம் விற்றவர் மேல். திண்ணையில் பார்சல் கட்டுபவர் எந்தச் சோதனைத் தாளை நீட்டுவார்?

சாயம் ஏன் வருகிறது என்று தெரிந்தால் எதை வாக்குக் கொடுக்கலாம் என்பதும் தெரியும். இன்று பருத்தி நூலுக்குப் பரவலாகப் போடுவது ரியாக்டிவ் சாயம். இது நூலோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்ளும். ஆனால் தொட்டியில் இருக்கும் சாயம் முழுவதும் பிணையாது. ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து வீணாகி, பிணையாமல் நூலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சூடான சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாட்டிலோ பண்டிகை அவசரத்திலோ சாயப்பட்டறையில் ஓர் அலசலைக் குறைத்தால், அந்தச் சாயம் வாங்கியவர் வீட்டு வாளியில் வெளியே வரும். அரக்கு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றில் இது அதிகம். அடர் நிறத்துக்குச் சாயம் நிறையப் போட வேண்டும்; அதனால் மிச்சமும் நிறைய.

ஆகவே இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. வாளித் தண்ணீர் சிவப்பாவது ஒன்று. அரக்குக் கரையின் சாயம் சந்தன நிற உடலில் இறங்கித் திட்டாக நிற்பது இன்னொன்று. முதலாவதில் இரண்டு மூன்று அலசலுக்குப் பிறகு தண்ணீர் தெளிந்துவிட்டால் சேலைக்குப் பெரிய சேதமில்லை. இரண்டாவதில் சேலை வீண். விற்பவர் இரண்டாவதற்கு மட்டும் பொறுப்பேற்று, முதலாவதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ‘முதல் முறை உப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள், சாயம் நிற்கும்’ என்று பல நிபந்தனைச் சீட்டுகளில் இருக்கிறது. சாயத் தொட்டியில் உப்பு, சாயத்தை நூல் பக்கம் தள்ளும் என்பது உண்மை. பிணையாமல் போன சாயத்தை வீட்டு உப்பு பிணைக்காது. அப்படி எழுதிக்கொடுத்தால், உப்புப் போட்டும் சாயம் இறங்கியது என்று புகார் வரும்போது விற்றவரின் வாய் அடைபடும்.

செய்யக்கூடிய ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒவ்வொரு சாய லாட்டிலும் தறியில் மிஞ்சும் வெட்டுத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதே அளவு வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் தைத்து, கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு அலசி, நிழலில் உலர்த்துவது. ஆய்வகங்களும் பக்கத்தில் வெள்ளைத் துணி வைத்துத்தான் பார்க்கின்றன. அவர்கள் வெள்ளையில் ஏறிய கறையை ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிடுவார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் கரைச்சாயத்துக்கு வாக்குக் கொடுக்கலாம். நிறம் ஏறியிருந்தால் அந்த லாட்டை ‘தனியாகத் துவைக்க வேண்டிய சேலை’ என்று எழுதி விற்கலாம், அல்லது தறிக்காரரிடமே திருப்பலாம். துண்டை லாட் நம்பரும் தேதியும் எழுதி ஒரு கவரில் போட்டு வைத்தால், நாளைக்கு நீட்டுவதற்கு ஒரு தாள் அதுதான்.

இந்தத் தறிக்காரரிடம் திருப்புவது என்பதில்தான் சிறு விற்பனையாளர் நடுவில் மாட்டிக்கொள்கிறார். அவரிடம் வாங்கியவர் நுகர்வோர். அவருக்கு நுகர்வோர் சட்டம் இருக்கிறது. ஆனால் மறுவிற்பனைக்காக வாங்கும் இவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே இல்லை. ஒரே சாய லாட்டில் பத்துச் சேலை கெட்டுப்போனால், இவர் தறிக்காரரிடம் கேட்பதற்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், அவர்களுக்குள் எழுதிக்கொண்டதும்தான் துணை. சொந்த ஊர், தெரிந்த முகம் என்று யாரும் எதையும் எழுதிக்கொள்வதில்லை. ‘சாயம் இறங்கினாலும் நெசவுக் குறை இருந்தாலும் 45 நாளுக்குள் மாற்றித் தருவேன்’ என்று கொள்முதல் சீட்டிலேயே ஒரு வரி வாங்கிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளருக்குக் கொடுத்த காலத்தைவிட இந்தக் காலம் நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடைவெளியில் விழும் சேலை விற்பவரின் நஷ்டம்.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். தறியில் 560 ரூபாய்க்கு எடுத்து, கூரியர் உட்பட 750-க்கு விற்கிறார். கூரியர் 70, பார்சல் உறை 10. கையில் நிற்பது 110. மாதம் நூறு சேலை போகிறது. மூன்று சேலை குறையோடு திரும்புகிறது, ஐந்து பேர் மனம் மாறுகிறார்கள் என்று வைப்போம். எல்லாருக்கும் எல்லாம் இலவசமாக மாற்றித் தந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் போகவர 140, புது உறை 10, ஆக 150. குறையுள்ள சேலையைத் தறிக்காரர் திரும்ப எடுக்காமல் 300-க்குத் தள்ளினால் அதில் இன்னொரு 260 போகும். மூன்று குறைச் சேலைக்கு 1,230, ஐந்து மனமாற்றத்துக்கு 750, மொத்தம் 1,980. பதினெட்டுச் சேலையின் லாபம் போய்விட்டது. இனி அதே எட்டுச் சேலையை வேறு விதமாக நடத்திப் பார்க்கலாம். குறைக்கு எல்லாச் செலவும் இவருடையது, ஆனால் சேலையைத் தறிக்காரர் எடுத்துக்கொள்கிறார். மனம் மாறியவர் இருவழிக் கூரியரையும் தானே ஏற்கிறார். குறைக்கு 450, மனமாற்றத்துக்கு உறை மட்டும் 50, மொத்தம் 500. ஒரு சேலைக்கு ஐந்து ரூபாய். ‘மாற்றித் தருவோம்’ என்ற வரியைப் பார்த்து மாதத்தில் ஐந்து பேர் கூடுதலாக வாங்கினாலே இந்தச் செலவு வந்துவிடும்.

அந்த ஐந்து பேர் வருவார்களா என்பது நியாயமான கேள்வி. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் ஆராய்கிறது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற சந்தையில், நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே விலைதான் கிடைக்கும். நல்லதை விற்பவர் மெல்லச் சந்தையை விட்டு விலகுவார். இதை முறிக்கும் வழிகளில் ஒன்றாக அவர் உத்தரவாதத்தைச் சொல்கிறார். கெட்ட பொருளை விற்பவருக்கு வாக்குக் கொடுப்பது கட்டுப்படியாகாது என்பதால், வாக்கே தரத்துக்கு அடையாளமாகிறது. ஓட்டைக் காரை அமெரிக்கப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்பார்கள். கட்டுரையின் தலைப்பும் எலுமிச்சைச் சந்தை என்பதுதான். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கச் சற்றுச் சிரிப்பு வரும்.

இனி எழுத்துக்கு வரலாம். மேலே சொன்னதை வைத்து அந்த விற்பனையாளருக்கு ஒரு சீட்டு எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

‘சேலையில் கிழிசல், ஓட்டை, இழை விட்ட கோடு, கறை, அளவுக் குறைவு இருந்தாலோ, வேறு சேலை வந்திருந்தாலோ, கிடைத்த 7 நாளுக்குள் படம் எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். 2 நாளுக்குள் பதில் சொல்வோம். மாற்றுச் சேலை அனுப்புவோம். அது இல்லையென்றால் சேலை எங்களுக்கு வந்த 5 வேலை நாளில் முழுப் பணமும் திருப்புவோம். போகவரக் கூரியர் செலவு எங்களுடையது. முதல் மூன்று சலவையைத் தனியாக, பச்சைத் தண்ணீரில் செய்யுங்கள். தண்ணீரில் நிறம் தெரியலாம். அப்படித் துவைத்தும் கரைச்சாயம் உடலில் இறங்கினால் 30 நாளுக்குள் சொல்லுங்கள், துவைத்த சேலையையும் எடுத்துக்கொள்வோம். சேலையில் குறை இல்லை, ஆனால் பிடிக்கவில்லை என்றால், 5 நாளுக்குள் சொல்லி, டேக் நூல் அறுக்காமல், ஃபால்ஸ் தைக்காமல் அனுப்பினால் ஒருமுறை வேறு சேலை மாற்றித் தருவோம். அதற்குப் போகவரக் கூரியர் உங்களுடையது. பணமாகத் தர இயலாது.’

தொண்ணூறு வார்த்தைக்குச் சற்றுக் கூடுதல்தான். ‘நியாயமான காரணம் இருந்தால்’, ‘நிர்வாகத்தின் முடிவே இறுதியானது’ போன்ற சொற்கள் இதில் இல்லை. அவை பெரிய கடைகளின் சீட்டைப் பார்த்து எழுதுபவை. சண்டை வரும்போது எந்தப் பக்கமும் வளையும். இதே வார்த்தைகள் பணம் வாங்கும் முன் போகும் செய்தியிலும், பில்லிலும், பார்சலுக்குள் போடும் சீட்டிலும் மாறாமல் இருக்க வேண்டும். பணம் வந்த பிறகு முதல்முறையாகக் காட்டும் நிபந்தனையை வாங்கியவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்வது கடினம்.

‘ஓப்பனிங் வீடியோ’ இந்தச் சீட்டில் ஏன் இல்லை என்று கேட்பார்கள். வேறு சேலை வந்தது, ஒன்று குறைந்தது என்ற தகராறில் அது நல்ல சாட்சி. ‘எடுத்தால் உங்களுக்கும் எங்களுக்கும் எளிது’ என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வீடியோ இல்லை என்பதற்காக ஓட்டையுள்ள சேலையை மறுத்தால், மறுப்பு மறுப்புத்தான். தபால் வந்த நேரத்தில் வீட்டில் இருந்தது எழுபது வயதுப் பாட்டியாக இருக்கலாம். சாட்சியை விற்பவர் தன் பக்கத்தில் தயார் செய்துகொள்வது மேல். சேலையை வெளிச்சத்துக்கு எதிரே கம்பியில் விரித்து முந்தியிலிருந்து உள்தலைப்பு வரை ஒரு நிமிட வீடியோ, டேக் நம்பர் தெரியும்படி. பிறகு தபால் ரசீதில் உள்ள எடை. 520 கிராமில் போன பார்சலில் சேலையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இப்படி விரித்துப் பார்க்கும்போதே பாவில் இழை விட்ட கோடு கண்ணில் பட்டுவிடும் என்பது கூடுதல் லாபம்.

திரும்பி வந்த சேலை உடுத்தியதா என்று கண்டுபிடிக்க டேக் உதவும். டேக்கை முந்தியின் ஓரத்தில், உடுத்தினால் வெளியே தொங்குகிற இடத்தில், நூலால் கட்டி முடிச்சுப் போட வேண்டும். ரவிக்கைத் துணியில் கட்டினால் சேலையை உடுத்திக் கல்யாணத்துக்கே போய்வரலாம். தோள் வரும் இடத்தில் சேஃப்டி பின் போட்ட இரட்டைத் துளை இருக்கும். இடுப்பில் கொசுவம் செருகிய இடத்தில் கஞ்சி நொறுங்கி, துணி அங்கே மட்டும் துவண்டிருக்கும். கீழ்க்கரையில் செருப்பு உரசிய அழுக்குக் கோடு. இவற்றைப் படம் எடுத்துப் பணிவாக அனுப்பினால் பெரும்பாலும் பேச்சு அங்கே முடிந்துவிடும். அதன் பிறகும் அடம்பிடிப்பவர் நூற்றில் ஒருவர். அந்த ஒருவருக்காக மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் சீட்டைக் கடுமையாக எழுதுவது நஷ்டம்.

குறையென்று திரும்பி வந்து, தறிக்காரரும் எடுக்காத சேலை எப்படியும் ஆண்டுக்குப் பத்தாவது சேரும். அதைப் புதுச் சேலைகளுக்கு நடுவே செருகாமல், குறை இருக்கும் இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுப் படம் எடுத்து, ‘முந்தியில் இரண்டு இழை விட்டிருக்கிறது, 300 ரூபாய்’ என்று தனியாகப் போடலாம். காட்டிய குறையைப் பார்த்துத் தெரிந்தே வாங்கியவர் அதே குறைக்காகத் திருப்ப முடியாது. பழைய பில் புத்தகத்தின் அந்த வரியை நிம்மதியாக எழுதிக்கொள்ளக்கூடிய சேலை அது ஒன்றுதான்: இந்தக் குறைக்காகத் திரும்பப் பெறப்படமாட்டாது.